அதிசுமைப் பாதுகாப்பானும் சிவப்புப் பட்டனும்

திருமங்கலத்தில் இருக்கும் என் அத்தை வீட்டில் புது மிக்சி வாங்கிய மூன்றாம் வாரம் அது நின்றுபோனது. பருப்பு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு அமைதியாகிவிட்டதாம். காயில் போய்விட்டது என்று முடிவு கட்டி, தெருமுனைக் கடையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அந்தப் பையன் மிக்சியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒண்ணுமில்லக்கா, லோடு தாங்காம கட் ஆயிருச்சு. அடியில செவப்பு பட்டன் இருக்குல்ல, அத அமுக்குனா ஓடும்." அமுக்கினான், ஓடியது. நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனான்.

இந்தச் செய்தி அத்தைக்கு முன்பே சொல்லப்படாமல் இல்லை. அந்த மிக்சியின் தமிழ் விவரக்குறிப்பில், "அதிசுமைப் பாதுகாப்பான் பொருத்தப்பட்டுள்ளதால் மின்னோடி பாதுகாக்கப்படுகிறது" என்று ஒரு வரி இருந்தது. பிழையில்லாத தமிழ்தான், இலக்கணத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் மோட்டார் ஏன் நின்றது, எதை அமுக்கினால் ஓடும் என்ற இரண்டையும் அந்த வரியிலிருந்து யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. மெக்கானிக் சொன்ன வரியில் இரண்டும் இருந்தன.

வணிகப் பொருள்களுக்குத் தமிழில் விவரம் எழுதுவது என் பிழைப்பு. 2020-ஆம் ஆண்டில் ஃபிளிப்கார்ட், அமேசான் இரண்டின் இந்தியத் தளங்களும் தமிழுக்கு வந்த பிறகு இந்த வேலை பெருகியது. ஒரு நிறுவனத்துக்குப் பத்துப் பேர் எழுதினால் பத்து நடை வரும். ஒருவர் 'ஜார்' என்பார், ஒருவர் 'சாடி' என்பார், இன்னொருவர் 'கொள்கலன்' என்பார். அதைத் தவிர்க்கத்தான் நடைக் கையேடு என்ற ஒன்றை வகுத்துக்கொள்கிறோம். அதில் எழுத்து மரபு, அளவு, எண் என்று பல பகுதிகள் உண்டு. ஆனால் சண்டை நடப்பது இரண்டே இடத்தில்தான்: எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? ஆங்கிலச் சொல்லை வைப்பதா, மாற்றுவதா? அத்தையின் மிக்சியை நடுவில் வைத்துக்கொண்டே இரண்டையும் பார்த்துவிடலாம்.

இரண்டு பக்கமும் சறுக்கல்

மேலே சொன்ன விவரக்குறிப்பின் முழு வடிவம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இந்த 750 வாட் மின் அரைப்பான் மூன்று துருப்பிடிக்காத எஃகுச் சாடிகளுடன் வருகிறது. அதிசுமைப் பாதுகாப்பான் பொருத்தப்பட்டுள்ளதால் மின்னோடி பாதுகாக்கப்படுகிறது. ஈர மற்றும் உலர் அரைத்தலுக்கு உகந்தது."

இதைக் கண்டு எரிச்சலடைந்த ஒருவர் மறுகோடிக்குப் போய் எழுதினால் இப்படி வரும்:

"750 வாட்ஸ் பவர்ஃபுல் மோட்டாரோட வர்ற இந்த மிக்சில எதையும் ஈஸியா கிரைண்ட் பண்ணலாம். மூணு எஸ்எஸ் ஜார் இருக்கு. ஓவர்லோட் புரொடெக்‌ஷன் இருக்கறதால டென்ஷனே வேணாம். வெட், டிரை ரெண்டுமே சூப்பரா பண்ணிடும்."

பார்வைக்கு இரண்டும் எதிரெதிர். ஆனால் இரண்டிலும் ஓட்டை ஒன்றேதான். இரண்டுமே ஆங்கில வரியைச் சொல்லுக்குச் சொல் இடம்பெயர்த்திருக்கின்றன. ஒன்று அகராதியைப் பார்த்து, மற்றொன்று அகராதியைப் பார்க்காமல். மிக்சி சாடிகளுடன் 'வருகிறது' என்றால் அது நடந்தா வருகிறது? அந்த மிக்சியோடு மூன்று ஜார் கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டாவது வடிவத்திலும் மோட்டார் நின்றால் என்ன செய்வது என்பது இல்லை. டென்ஷன் வேண்டாம் என்ற ஆறுதல் மட்டும் இருக்கிறது.

பெயரை யார் வைக்கிறார்கள்?

ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க நான் கேட்கும் முதல் கேள்வி, வாங்குபவர் கடையில் அதை என்ன சொல்லிக் கேட்பார் என்பது. இரண்டாவது, பழுதானால் மெக்கானிக்கிடம் என்ன சொல்லுவார் என்பது. இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் அதுதான் பெயர். மிக்சி, கிரைண்டர், குக்கர், ஜார், மோட்டார், சுவிட்ச், பிளேடு எல்லாம் இதில் தேறிவிடும்.

இந்தத் தீர்ப்பை நான் புதிதாகச் சொல்லவில்லை. 2011-இல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு சாதனங்கள் கொடுக்கத் தொடங்கியபோது, அந்தத் திட்டத்தின் பெயரில் மிக்சியும் கிரைண்டரும் அப்படியே நின்றன. மூன்றாவது சாதனம் மட்டும் 'மின்விசிறி' ஆனது. தூய தமிழில் ஆணை எழுதப் பழகிய அலுவலகமே அரைப்பானை எடுக்கவில்லை, விசிறியை எடுத்தது. காரணம் எளிது. விசிறி என்ற சொல் மின்சாரம் வருவதற்கு முன்பே நம் கையில் இருந்தது. 'மின்' என்று முன்னால் சேர்த்ததும் ஒட்டிக்கொண்டது. மிக்சிக்கு அப்படி ஒரு மூதாதை இல்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் வேறு பொருள்கள்.

நடையிலும் அந்தப் பெயர் ஒரு பாடம். 'இலவச' என்று போடாமல் 'விலையில்லா' என்று போட்டார்கள். இரண்டும் சுட்டும் செய்தி ஒன்று, பெறுபவருக்குத் தரும் மதிப்பு வேறு. ஒரு சொல்லின் பொருளோடு அதன் தொனியையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது இதுதான்.

தமிழ்ச் சொல் உயிரோடு இருக்கும் இடத்தில் ஆங்கிலத்துக்கு வேலை இல்லை. மூடி, கைப்பிடி, வடிகட்டி, எடை, நீளம், நிறம் ஆகியவை நாள்தோறும் வாயில் வருபவை. 'லிட்', 'ஹேண்டில்', 'வெயிட்' என்று எழுதினால் புரியும்தான். ஆனால் எழுதியவர் அவசரத்தில் இருந்தார் என்பதும் சேர்ந்தே புரியும்.

இடர் வருவது நடுவில் இருக்கும் சொற்களில். தமிழ்ச் சொல் ஒன்று இருக்கும். ஆனால் அது ஏற்கெனவே வேறு பொருளுக்குக் குடிபோயிருக்கும். சாடி, ஜாடி என்றால் நமக்கு ஊறுகாய் நினைவு வரும். 'விசை' என்றால் சுவிட்சும் ஆகலாம், அழுத்தும் பலமும் ஆகலாம்; "விசையை அழுத்தவும்" என்று எழுதினால் வாசகர் ஒரு கணம் நிற்பார். குளிர்சாதனப் பெட்டி என்பது ஃபிரிட்ஜ். குளிர்சாதனப் பேருந்து என்பதோ ஏசி வண்டி. ஒரே சொல் இரண்டு சாதனத்துக்கு ஓடுவதால், விற்பனைப் பக்கத்தில் ஃபிரிட்ஜ், ஏசி என்றே எழுதுகிறோம்.

இன்னொரு வகை, கடன் சொல்லிலும் நம் கடைத்தெருவுக்கே உரிய வடிவம். துருப்பிடிக்காத எஃகு என்பது பாடப்புத்தகம். ஆங்கிலப்படி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆனால் பாத்திரக்கடையில் அதன் பெயர் எவர்சில்வர். வெள்ளி ஒரு துளியும் இல்லாத அந்தச் சொல், ஆங்கிலத்தில் பிறந்து தமிழ்க் கடைத்தெருவில் குடியுரிமை வாங்கிவிட்டது. அதனால் விளக்கப் பகுதியில் 'எவர்சில்வர் ஜார்' என்று எழுதுவோம். கீழே அளவு, தரம் சொல்லும் அட்டவணையில் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று துல்லியமாகப் போடுவோம். ஒரே பக்கத்தில் இரண்டு பெயர் வரலாமா என்று கேட்பார்கள். வரலாம், ஒவ்வொன்றும் தன் இடத்தை விட்டு நகராத வரை.

வாரண்டியைத் தமிழாக்காமல் விடுவதற்குக் காரணம் வேறு. 'உத்தரவாதம்' நல்ல சொல், ஆனால் வாரண்டி, கேரண்டி இரண்டையும் அது ஒன்றாக்கிவிடும். கடைப்பேச்சில் வாரண்டி என்றால் பழுது பார்த்துத் தருவது, கேரண்டி என்றால் மாற்றித் தருவது. பணம் சம்பந்தப்பட்ட வேறுபாடு அது. ஆகவே '2 ஆண்டு வாரண்டி' என்று எழுதிவிட்டு, எந்தப் பாகத்துக்கு, எந்தப் பழுதுக்கு என்பதை அடுத்த வரியிலேயே தமிழில் விரித்துவிடுவோம்.

பெயர் கடன் வாங்கலாம், வினை கூடாது

எங்கள் கையேட்டில் அதிகம் பயன்படும் விதி இது. பொருளின் பெயர் ஆங்கிலமாக இருக்கலாம். அது செய்யும் வேலை தமிழாக இருக்க வேண்டும். மிக்சியில் அரைக்கிறோம், 'கிரைண்ட் செய்வதில்லை'. ஜாரை மாட்டுகிறோம், 'ஃபிக்ஸ் செய்வதில்லை'.

இதற்குத் தமிழ்ப் பற்று மட்டும் காரணமல்ல. கிரைண்ட் என்ற ஒரு சொல் மறைத்துவிடுவதைத் தமிழ் பிரித்துச் சொல்லும். சட்னியை மைய அரைக்கிறோம். வடைக்குக் கொரகொரப்பாக அரைக்கிறோம். மிளகை ஒன்றிரண்டாகப் பொடிக்கிறோம். இஞ்சி பூண்டை விழுதாக்குகிறோம். மிக்சி வாங்குபவர் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான்: இதில் என் வடைமாவு கொரகொரப்பாக வருமா, கூழாகிவிடுமா? 'ஈர மற்றும் உலர் அரைத்தல்' என்ற தொடருக்குள் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஈரம், உலர்வு என்ற பிரிவையும் நம் அடுக்களை அப்படிப் பேசுவதில்லை. மாவு என்றும் பொடி என்றும் பேசும்.

விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. சாதனத்தின் மேலேயே ஆங்கிலத்தில் பொறித்திருக்கும் பெயரை மாற்றக் கூடாது. திருகும் சுவிட்சில் பல்ஸ் என்று பொறித்திருந்தால், நாம் 'துடிப்பு' என்று எழுதினால் வாங்கியவர் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டே இருப்பார். "சுவிட்சைப் பல்ஸ் பக்கம் திருப்பித் திருப்பி விட்டால் விட்டுவிட்டு ஓடும், வடைமாவுக்கு இது போதும்" என்று எழுதினால் பெயரும் நிற்கும், வேலையும் விளங்கும்.

எழுத்தில் வரும்போது

ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் எழுத்து, ஆங்கிலத்தின் பல ஒலிகளை ஒரே உருவில் அடக்கும். 'பேக்' என்று எழுதினால் பையா, பொட்டலமா, பின்பக்கமா? மூன்றும் அதுதான். 'பேக் ஆஃப் 2' என்று ஒரு பக்கத்தில் கண்டு, இரண்டு பைகள் வரும் என்று எண்ணியவர்கள் உண்டு. 'கார்டு' என்றால் அட்டையும் அதுதான், மின்வயரும் அதுதான், காவலாளியும் அதுதான். 'பவர் கார்டு' என்று எழுதாமல் வயர் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆய்த எழுத்தை விட்டுவிட்டால் ஃபேன், பேன் ஆகிவிடும். 'மேசைப் பேன், 3 வேகம்' என்று ஒரு முறை அச்சுக்குப் போகவிருந்ததைத் தடுத்தேன். இப்படி ஒலியில் மோதும் கடன் சொல்லைக் கையேட்டில் தனியாகப் பட்டியலிட்டு, அதற்கு மட்டும் தமிழ்ச் சொல்லையோ வேறு கடன் சொல்லையோ கட்டாயமாக்கியிருக்கிறோம்.

மிக்சி, மிக்ஸி இரண்டில் எது சரி என்று வாதம் செய்வதில் பயனில்லை. ஒன்றைத் தேர்ந்து பக்கம் முழுவதும் அதையே எழுத வேண்டும். மற்ற வடிவங்களை, வாசகர் கண்ணுக்குத் தெரியாத தேடுசொல் கட்டத்தில் போட்டுவிடலாம். தேடுபவர் எப்படி எழுதித் தேடினாலும் பக்கம் அகப்படும். படிப்பவர் ஒரே எழுத்தைப் பார்ப்பார்.

வேற்றுமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்குள் கொண்டுவருவது பற்றித் தொல்காப்பியமே பேசுகிறது. வடசொல் வந்தால் அதன் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. அலமாரி, ஜன்னல், சாவி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து நம் வீட்டுச் சாமான் ஆனவை. அவற்றை யாரும் இன்று மாற்றச் சொல்வதில்லை.

பக்கத்தில் எந்த இடம்?

இனி நடைக்கு வருவோம். ஒரு பொருளின் பக்கம் முழுவதும் ஒரே குரலில் பேச வேண்டியதில்லை. தலைப்பு, விளக்கம், பயன்படுத்தும் முறை, எச்சரிக்கை என்று நான்கு இடம் இருக்கிறது. எந்த இடத்தில் எந்தக் குரல் என்பதை வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும்.

தலைப்பில் வினையே வேண்டாம். பொருள், திறன், எண்ணிக்கை, நிறம் போதும். விளக்கத்தில் 'அரைக்கலாம்', 'கிடைக்கும்', 'ஓடும்' என்ற எளிய எழுத்துத் தமிழ். முன்னிலையில் பேச வேண்டி வந்தால் 'நீங்கள்', 'பாருங்கள்'. பயன்படுத்தும் முறையில் 'பொருத்தவும்', 'மூடவும்'. இந்த 'வும்' அறிவிப்புப் பலகையின் குரல். அதற்கு முகம் கிடையாது. படிப்படியாகச் செய்யும் வேலைக்கு அது பொருந்தும், விளக்கத்தில் வந்தால் அதிகாரி பேசுவதுபோல் இருக்கும். எச்சரிக்கையில் இன்னும் ஒரு படி இறுக்கம்: 'கழுவக் கூடாது'. மின்சாரம் பாயும் இடத்தில் 'கழுவாமல் இருப்பது நல்லது' என்று குழைவது ஆபத்து.

அப்படியானால் பேச்சுத் தமிழுக்கு இடமே இல்லையா? விளம்பரத்தின் முதல் வரியில் இருக்கிறது, காணொளியில் இருக்கிறது. விவரக்குறிப்பில் அதை நான் தவிர்ப்பது தரக்குறைவு என்பதற்காக அல்ல. பேச்சுத் தமிழை எழுதினால் அது ஏதாவது ஓர் ஊரின் தமிழாகிவிடும். சென்னையில் அரைச்சிடும், எங்கள் பக்கம் அரைச்சிரும். எதை எழுதினாலும் மறு ஊர்க்காரருக்கு அது அடுத்த வீட்டுப் பேச்சு. எழுத்துத் தமிழோ எல்லா ஊருக்கும் பொது. செய்ய வேண்டியது, அதைப் பேச்சுக்கு அருகில் கொண்டுவருவது: வாக்கியத்தைச் சின்னதாக்குவது, 'செய்யப்படுகிறது', 'கொண்டுள்ளது' போன்றவற்றைக் களைவது, 'மற்றும்' வரும் இடத்தில் 'உம்' போடுவது.

இந்தப் பொதுமையும் கடலைத் தாண்டினால் சற்றுத் தளரும். இலங்கையில் சோப்பு என்பது சவர்க்காரம், நாற்காலி கதிரை, மேசை இழுப்பறை லாச்சி. கதிரை போர்த்துக்கீசியம், லாச்சி டச்சு. அங்கே விற்கும் பொருளுக்குத் தமிழ்நாட்டுக் கையேட்டை அப்படியே நீட்டக் கூடாது. வினைமுற்று விதிகள் அப்படியே இருக்கலாம், பெயர்ப் பட்டியல் தனியாக வேண்டும்.

அத்தையின் மிக்சி, திருத்திய பிறகு

இத்தனையும் சேர்த்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினால் இப்படி வருகிறது:

"மிக்சி, 750 வாட், 3 எவர்சில்வர் ஜார், வெள்ளை

மாவுக்கும் பொடிக்கும் சட்னிக்கும் தனித்தனி ஜார். 1.5 லிட்டர் ஜாரில் தோசை மாவும் வடைமாவும் அரைக்கலாம். 1 லிட்டர் ஜாரில் மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி நைசாக வரும். சட்னிக்கு 400 மில்லி ஜார். கொரகொரப்பாக வேண்டுமானால் சுவிட்சைப் பல்ஸ் பக்கம் திருப்பித் திருப்பி விடுங்கள்.

ஜாரில் அளவுக்கு மேல் போட்டால் மோட்டார் தானாக நின்றுவிடும். இது பழுது அல்ல. சுவிட்சை அணைத்து, ஜாரில் இருப்பதைக் குறைத்து, மோட்டாரைச் சில நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு மிக்சியின் அடியில் உள்ள சிவப்புப் பட்டனை அழுத்தினால் மீண்டும் ஓடும்.

பயன்படுத்தும் முறை: ஜாரை மோட்டார் மேல் வைத்துத் திருகிப் பொருத்தவும். மூடியை இறுக மூடிய பிறகே சுவிட்சைப் போடவும்.

எச்சரிக்கை: மோட்டார் உள்ள பகுதியைத் தண்ணீரில் கழுவக் கூடாது."

முதல் வடிவத்தைவிட இது நீளம். 'ஓவர்லோட்' என்ற சொல் விளக்கத்தில் எங்கும் இல்லை, 'அதிசுமை'யும் இல்லை. இந்த இடத்தில் கடன் சொல்லா, தமிழ்ச் சொல்லா என்ற கேள்வியே கரைந்துவிட்டது. பெயர் தெரியாத ஒன்றுக்குப் பெயர் சூட்டுவதை விட்டு, அது என்ன செய்யும், நாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டோம். அட்டவணையில் மட்டும், ஒப்பிட்டு வாங்குபவர்களுக்காக, 'ஓவர்லோட் பாதுகாப்பு: உண்டு' என்று ஒரு வரி நிற்கிறது.

எழுதி முடித்ததும் அத்தைக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். எங்கள் கையேட்டில் கடைசி விதி இது: எழுதியதை, அந்தப் பொருளைப் பயன்படுத்தும் ஒருவருக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர் "என்னது?" என்று கேட்கும் இடத்தைத் திருத்த வேண்டும். அத்தை ஓரிடத்தில்தான் குறுக்கிட்டார். "சில நிமிஷம்னா எவ்வளவு நேரம்?" என்றார். தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த வரி இன்னும் திருத்தத்தில் இருக்கிறது.